புகையா, ஆவியா, நூலா?

கொசுவத்திச் சுருள் பெட்டியின் பின்பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டாலும் கஷ்டப்பட்டுத்தான் படிக்க முடிகிற அளவில் ஒரு வரி அச்சாகியிருக்கும். டி-அலெத்ரின் 0.1 சதவீதம் என்பது போல ஏதோ ஒரு பெயரும் எண்ணும். பிளக்கில் செருகும் லிக்விட் பாட்டிலைத் திருப்பினால் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 0.88 சதவீதம் என்றோ பிராலெத்ரின் 1.6 சதவீதம் என்றோ இருக்கும். மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கும் மருந்து ஏற்றிய கொசுவலையின் ஓரத்துத் துண்டுச்சீட்டில் டெல்டாமெத்ரின், ஆல்ஃபா சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் ஆகிய மூன்றில் ஒன்றைப் பார்க்கலாம்.

பெயர்கள் எல்லாம் 'த்ரின்' என்றே முடிவது தற்செயல் அல்ல. இவை ஒரே குடும்பம். வெள்ளைச் சாமந்தி வகை ஒன்றின் உலர்ந்த பூவில் பைரெத்ரம் என்ற பூச்சிகொல்லி இயற்கையாகவே இருக்கிறது. ஜப்பானில் உவேயமா எய்ச்சிரோ என்பவர் 1890-இல் அந்தப் பூத்தூளைக் கொண்டு கொசு ஊதுபத்தி செய்தார். நேரான பத்தி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டதால், அவர் மனைவி யூகி சொன்ன யோசனைப்படி அதைச் சுருட்டினார்கள். 1902-இல் சுருள் கடைக்கு வந்தது. பிறகு 1949-இல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் பூவில் இருக்கும் பொருளைப் போன்ற ஒன்றைச் சோதனைக்கூடத்தில் செய்தார்கள். அதுதான் அலெத்ரின். இன்று கடையில் இருக்கும் பைரெத்ராய்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்த வாரிசுகளே.

ஆகவே "சுருளில் இருப்பது கடுமையான விஷம், லிக்விட்டில் இருப்பது மென்மையானது" என்று வீடுகளில் பேசிக்கொள்வதற்கு அடிப்படை அதிகம் இல்லை. விஷம் ஒரே வகைதான். அதை எது சுமந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம் முழுவதும் இருக்கிறது. சுருளில் புகை சுமக்கிறது. லிக்விட்டில் ஆவி. வலையில் நூல்.

ஒரு கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஒரு சுருள் ஏறக்குறைய 12 கிராம் எடை இருக்கும், 8 மணி நேரம் எரியும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.1 சதவீதம் அலெத்ரின் என்றால் மொத்தம் 12 மில்லிகிராம், அதாவது மணிக்கு ஒன்றரை மில்லிகிராம். 45 மில்லி லிக்விட் பாட்டில் மண்ணெண்ணெய் வகைத் திரவம் என்பதால் எடை சுமார் 36 கிராம்தான் வரும். அதில் 0.88 சதவீதம் என்றால் ஏறத்தாழ 317 மில்லிகிராம். இரவுக்கு 8 மணி நேரமாக 45 இரவுகள் வந்தால் மணிக்கு 0.9 மில்லிகிராம் அளவுக்கு வெளியாகிறது. 1.6 சதவீத பாட்டிலில் இது சுருளின் ஒன்றரையைத் தொட்டுவிடும். இரண்டு பொருள்களின் வீரியமும் ஒன்றல்ல என்றாலும், அறைக்குள் வரும் பூச்சிமருந்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

மிச்சத்தைப் பாருங்கள். சுருளின் 12 கிராமில் 12 மில்லிகிராமைக் கழித்தால் மீதி முழுவதும் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள், மாவுப் பசை, பச்சைச் சாயம். இதெல்லாம் கொசுவை எதுவும் செய்யாது, எரிந்து புகையாகத்தான் போகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனல் இருக்கும் இடத்தில் மருந்து வேலை செய்வதில்லை. கனலுக்குச் சில மில்லிமீட்டர் பின்னால், சூடேறியும் இன்னும் தீப்பிடிக்காத பகுதியிலிருந்துதான் அலெத்ரின் ஆவியாகிக் கிளம்புகிறது. நாம் இருமுவது வேறொன்றுக்கு, கொசு விழுவது வேறொன்றுக்கு. புகை அடர்த்தியாக வந்தால் நல்ல சுருள் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

அந்தப் புகையை அளந்து பார்த்திருக்கிறார்கள். சீன, மலேசியச் சுருள்களை எரித்துச் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் மிக நுண்ணிய துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று அது கண்டது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு, சில சுருள்களில் 51 சிகரெட் அளவுக்கு இருந்தது. இதை "ஒரு சுருள் கொளுத்தினால் நூறு சிகரெட் பிடித்த மாதிரி" என்று சுருக்கிச் சொல்வது தவறு. சிகரெட் புகையை நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறோம், சுருள் புகை அறை முழுவதும் பரவி ஜன்னல் வழியாகவும் போகிறது. ஆனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய பத்துக்குப் பத்து அறையில், கட்டிலுக்கடியில் சுருளை வைத்துவிட்டு எட்டு மணி நேரம் படுத்திருப்பவருக்கு இந்தத் திருத்தம் பெரிய ஆறுதல் அல்ல. ஆஸ்துமா இருப்பவருக்கும், நெஞ்சுச் சளியோடு படுத்திருக்கும் குழந்தைக்கும் சுருள் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது பூச்சிமருந்தை நினைத்து அல்ல, இந்தத் துகள்களை நினைத்துத்தான்.

'புகையில்லாச் சுருள்' என்று கறுப்பாக விற்பதில் மரத்தூளுக்குப் பதில் கரித்தூள் அதிகம். கண்ணுக்குத் தெரியும் புகை குறைவது உண்மை. ஆனால் கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நொச்சித் தழையோ வேப்பிலையோ போட்டு மூட்டம் போடுவதும் இதே கணக்கில்தான் வரும். மாட்டுத் தொழுவத்தில், திறந்த முற்றத்தில் அது சரி. படுக்கும் அறைக்குள் போட்டால் தழைப் புகையும் துகள்தான், 'இயற்கை' என்பதால் நுரையீரல் சலுகை தராது.

சுருளின் இன்னொரு ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் பொருட்படுத்தாதது. 2023 மார்ச் 31 அன்று டெல்லி சாஸ்திரி பார்க் பகுதியில் ஒரே வீட்டில் ஆறு பேர் இறந்தார்கள். எரிந்துகொண்டிருந்த கொசுவத்தி மெத்தைமேல் விழுந்து, மெத்தை கனன்று, அந்த நச்சுப் புகையில் தூக்கத்திலேயே மூச்சுத் திணறியதாகப் போலீசார் சொன்னார்கள். சுருள் வைத்தே ஆக வேண்டும் என்றால் தகரத் தாங்கியில் மாட்டி, அடியில் ஒரு பீங்கான் தட்டோ ஓட்டுத்துண்டோ வைத்து, பாய், போர்வை, திரைச்சீலை எதற்கும் எட்டாத தொலைவில், ஜன்னல் திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். வராந்தாவிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து பேசும் நேரத்துக்குச் சுருள் பொருத்தமான பொருள்தான். மின்சாரம் இல்லாத இடத்தில் அதற்கு மாற்று எளிதில் கிடைப்பதும் இல்லை. மூடிய படுக்கையறைதான் அதற்கு ஏற்ற இடமல்ல.

லிக்விட்டில் எதுவும் எரிவதில்லை. திரி பாட்டிலுக்குள்ளிருந்து திரவத்தை மேலே இழுக்கிறது, மெஷினுக்குள் இருக்கும் சிறிய பீங்கான் வளையம் நூறு டிகிரிக்குச் சற்று மேலே சூடாகித் திரியின் நுனியை ஆவியாக்குகிறது. துகள் பிரச்சினை ஏறக்குறைய இல்லை என்பதால், பூட்டிய அறைக்குச் சுருளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 'புகை இல்லை' என்பதை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். ஏசி அறையில் கதவைச் சாத்தி, பொத்தானை அதிக அளவில் வைத்து, விடிய விடிய ஓடவிடுகிறோம். ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடுவதால் ஆவி வெளியேற வழியில்லை. காலையில் எழுந்ததும் தலைவலி, தொண்டைக் கரகரப்பு, அடுக்குத் தும்மல் என்றால் அந்த மெஷினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாலு நாள் அணைத்துவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட்டு, படுத்த பிறகு குறைத்துவைத்து, ஒரு ஜன்னலை விரல் அகலமாவது திறந்துவைத்தால் வேலையும் நடக்கும், தொந்தரவும் குறையும். வலையடித்த ஜன்னல் என்றால் இன்னும் வசதி.

மனித உடலுக்குப் பைரெத்ராய்டு ஏன் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. நரம்பு வழியாகச் செய்தி போவது சோடியம் வாயில்கள் திறந்து மூடுவதால். இந்த மருந்து அந்த வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கொசு நடுங்கி, வட்டமடித்து, கால் மேலே தூக்கி விழுவது அதனால்தான். நமக்கும் அதே வாயில்கள் உண்டு, ஆனால் நம் கல்லீரல் இந்தப் பொருளைச் சீக்கிரம் உடைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. மீனால் அப்படிச் செய்ய முடியாது. மீன்தொட்டி இருக்கும் அறையில் லிக்விட் போட்டால் தொட்டியை மூடி, காற்று அடிக்கும் மோட்டாரையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஆவியைத் தண்ணீருக்குள் அடித்துவிடும். பூனையின் உடலும் பெர்மெத்ரினை எளிதில் உடைப்பதில்லை, வீட்டுப் பூனை அந்த மருந்து ஏற்றிய ஈரமான வலைமேல் ஏறிப் படுக்கக் கூடாது.

லிக்விட்டில் நிஜமான ஆபத்து ஆவியில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது. தீர்ந்துபோன பாட்டிலையும் தீராத பாட்டிலையும் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவோம். தவழும் குழந்தை அதை வாயில் வைக்கும். அந்தத் திரவத்தின் 98 சதவீதத்துக்கு மேல் மண்ணெண்ணெய் வகை எண்ணெய். குழந்தை குடித்துவிட்டால் பெரியவர்கள் பதறிப்போய் விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பார்கள், உப்புத் தண்ணீர் கொடுப்பார்கள். இது இரண்டையும் செய்யவே கூடாது. வயிற்றில் இருக்கும் எண்ணெய் வாந்தியோடு மேலே வரும்போது மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் வெந்து நிமோனியாவாகிவிடும். வயிற்றுக்குள் இருக்கும்வரை அதனால் வரும் கெடுதி அதைவிடக் குறைவு. வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருமலோ வேகமான மூச்சோ தொடங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

காலி பாட்டிலில் மண்ணெண்ணெயும் கற்பூரமும் ஊற்றி, அல்லது வேப்பெண்ணெய் ஊற்றி மெஷினில் மாட்டும் சிக்கனமும் பரவலாக இருக்கிறது. கற்பூர வாசனை வரும், மண்ணெண்ணெய் ஆவியும் சூடான மின்கருவியும் ஒன்றாக இருக்கும். செலவு மிச்சம் என்று இதைச் செய்பவர்களைத் தடுக்க எனக்கு இதைவிட நல்ல வாதம் தெரியவில்லை.

"பாட்டில் போட்டிருக்கிறேன், ஆனாலும் கடிக்கிறதே" என்பவர்கள் முதலில் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைக்கலாம். 45 இரவுக்கு 45 மில்லி என்றால் இரவுக்கு ஒரு மில்லி குறைய வேண்டும். பத்து இரவு கழித்தும் கோடு நகரவில்லை என்றால் திரி அடைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது மெஷின் சூடேறவில்லை. கோடு ஒழுங்காக இறங்கியும் கொசு சுவரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் விஷயம் வேறு. பல பத்தாண்டுகளாக ஒரே குடும்பத்து மருந்தை வீட்டுக்கு வீடு ஆவியாக்கிவந்ததில், சோடியம் வாயிலின் வடிவமே சற்று மாறிப் பிறக்கும் கொசுக்கள் பெருகிவிட்டன. மருந்துக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட கொசுவுக்கு ஒரு பிராண்டிலிருந்து இன்னொரு பிராண்டுக்கு மாறுவதால் பயனில்லை, இரண்டின் பின்பக்கத்திலும் 'த்ரின்' என்றே முடியும்.

இந்த எரிச்சலைத்தான் கொசு அகர்பத்திகள் பயன்படுத்திக்கொள்கின்றன. 'ஒரு குச்சி போதும், கொசு சுருண்டு விழும்' என்று கடைக்காரர்களே சிபாரிசு செய்வார்கள். விழும்தான். இந்தியாவில் வீட்டுப் பூச்சிமருந்து எதுவும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டப்படி மத்திய வாரியத்தில் பதிவாக வேண்டும். உறையில் CIR என்று தொடங்கும் பதிவு எண்ணும், மருந்தின் பெயரும் சதவீதமும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. சந்தையில் விற்கும் பல அகர்பத்தி உறைகளில் மூலிகைப் படமும் சாமி படமும் இருக்கும், இந்த எண்ணோ முக்கோணமோ இருக்காது. என்ன மருந்து, எவ்வளவு என்பதே தெரியாத ஒன்றைப் படுக்கையறையில் எரிப்பதற்குச் சாதாரணச் சுருளே தேவலை. அதில் என்ன இருக்கிறது என்றாவது தெரியும். பிளக்கில் மாட்டிக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அவை கொசுக்கடியைக் குறைத்ததாக எந்தச் சான்றும் இல்லை என்று முடித்துவிட்டது.

கொசுவலைக்கு வருவோம். மற்ற எல்லாவற்றிலும் மருந்து தோற்றால் கொசு ஜெயிக்கும். வலையில் மட்டும் மருந்து தோற்றாலும் துணி நிற்கும். மருந்தே இல்லாத சாதாரண வலைக்குப் பக்கவிளைவு என்று எதுவும் கிடையாது. பிறந்த குழந்தைக்குக் குடைபோல விரியும் சின்ன வலையைவிடப் பாதுகாப்பான கொசு மருந்து இன்னும் வரவில்லை. வாங்கும்போது ஓட்டையின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு சதுர அங்குலத்தில் 156 ஓட்டை என்பது நெடுநாளைய அளவுகோல், கொசு நுழையாது, ஃபேன் காற்று ஓரளவு வரும். புழுக்கம் தாங்காமல்தான் நம் ஊரில் பலர் வலையைக் கழற்றி வைக்கிறார்கள் என்பதால் அந்தக் காற்று முக்கியம்.

சாதாரண வலையின் பலவீனம் எளிது. தூக்கத்தில் கையோ முழங்காலோ வலையில் ஒட்டினால், கொசு வெளியில் உட்கார்ந்தபடியே குத்திக் குடித்துவிடும். ஒரு சின்னக் கிழிசல் இருந்தால் இரவெல்லாம் தேடி அதைக் கண்டுபிடித்துவிடும். காலையில் வலைக்குள் வயிறு சிவந்து உட்கார்ந்திருக்கும் கொசுவை எல்லோரும் பார்த்திருப்போம். இந்த இரண்டு குறையையும் மூடத்தான் நூலிலேயே மருந்தை ஏற்றினார்கள். நீடித்த மருந்துவலை என்ற இந்த வகையில் மருந்து ஆவியாகி அறையில் நிறைவதில்லை, வந்து உட்காரும் கொசுவின் காலில் ஒட்டுகிறது. நாம் மூச்சில் இழுப்பது மிகமிகக் குறைவு. 20 முறை துவைத்தும் 3 ஆண்டுகள் பயன்படுத்தியும் வேலை செய்ய வேண்டும் என்பது இதன் இலக்கு. புது வலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஓரிரு இரவுகள் தோலிலும் முகத்திலும் சுரசுரவென்று இருக்கும். துவைக்கும்போது சாதாரண சோப்பு போதும், பிளீச்சிங் கூடாது, அடித்துத் துவைக்கக் கூடாது, வெயிலில் காயப்போட்டால் மருந்து சிதையும். அலசிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் மீன் சாகும்.

ஒடிசாவில் 2016-இல் 4 லட்சத்துக்கு மேல் இருந்த மலேரியா நோயாளிகள் 2018-இல் 70 ஆயிரத்துக்கும் கீழே வந்தார்கள். இடையில் அந்த மாநிலத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மருந்துவலைகள் வீடுகளுக்குப் போயிருந்தன. ஊர் ஊராகப் போய் இரத்தம் சோதித்து மருந்து கொடுத்ததும் சேர்ந்ததால் பெருமை முழுவதும் வலைக்கே போகாது. வலை வழியாகவும் பைரெத்ராய்டு எதிர்ப்பு வளர்ந்திருக்கிறது. அதனால் குளோர்ஃபெனபைர் என்ற வேறு குடும்பத்து மருந்தையும் சேர்த்து ஏற்றிய வலைகளை, அப்படிப்பட்ட மலேரியாப் பகுதிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. அது நரம்பைத் தொடுவதில்லை, கொசுவின் உடல் ஆற்றல் உண்டாக்குவதையே நிறுத்துகிறது.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தரைத்தளம், பின்னால் சாக்கடை, பத்துக்குப் பத்து அறை. ஒரு கைக்குழந்தை, இழுப்பு உள்ள பாட்டி, வேலைக்குப் போகும் அப்பா அம்மா. இரவில் கடிப்பவை பெரும்பாலும் சாக்கடையில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசுக்கள். குழந்தைக்கும் பாட்டிக்கும் வலை, மருந்தில்லாததே போதும், ஆனால் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகியாக வேண்டும். மற்ற இருவருக்கும் ஃபேனும், ஏழு மணியிலிருந்து படுக்கும்வரை லிக்விட்டும். கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு, நேரே அடிக்கும் ஃபேன் காற்றில் அதனால் இறங்க முடியாது. சுருள் வாசற்படிக்கு வெளியே மட்டும். இரவுக்கான ஏற்பாடு இவ்வளவுதான்.

டெங்கு கொசுவுக்கு இந்த ஏற்பாடு போதாது. ஏடிஸ் கடிப்பது பகலில், குறிப்பாகக் காலையிலும் சாயங்காலமும். சாக்கடை அதற்கு வேண்டாம், ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும், எனவே வாரம் ஒரு முறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால், எந்தச் சுருளாலும் லிக்விட்டாலும் முடியாத வேலை முடிந்துவிடும். பகலில் தூங்கும் குழந்தையும் வலைக்குள்தான் தூங்க வேண்டும். வீட்டில் யாருக்காவது டெங்கு வந்துவிட்டால் வலை அவருக்கும் வேண்டும், அவரைக் காப்பாற்ற அல்ல, மற்றவர்களைக் காப்பாற்ற. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாட்கள் அவர் இரத்தத்தில் கிருமி நிறைய இருக்கும், அவரைக் கடிக்கும் ஏடிஸ் அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அந்த நாட்களில் அவர் பகலிலும் வலைக்குள்ளேயே படுத்திருக்க வேண்டும்.